கடையில் 650, ஆன்லைனில் 999: அது கொள்ளை இல்லை

முந்தாநாள் சுற்றிய ஸ்கிரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மதுரைக் கடையில் 650 ரூபாய்க்குக் கிடைக்கும் அச்சுச் சுங்குடிச் சேலைக்கு, ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு அக்கா 999 போட்டிருக்கிறார். கீழே வரிசையாக "பகல் கொள்ளை", "பேராசை" என்று எழுதியிருக்கிறார்கள். ரெண்டு நாளாக மனசே ஆறவில்லை. எழுதியவர்களில் ஒருவர்கூட 999-ல் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கவில்லை. நான் கணக்கோடு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சேலையின் கொள்முதல் 500, ஜிஎஸ்டி 5% சேர்த்து 525. கவர், லேபிள் எல்லாம் 15. தளத்தின் கமிஷன் 15%, ஆர்டருக்கு நிலையான கட்டணம் 25, அரை கிலோவுக்குள் கொரியர் 75 என்று வைத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம், பொருளுக்குப் பொருள் இது மாறும், உங்கள் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்றின் மேலும் 18% ஜிஎஸ்டி உண்டு. ஆக கமிஷன் 17.7%, நிலையான கட்டணமும் கொரியரும் சேர்ந்து 118 ரூபாய்.

"அந்த 18%, கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாகத் திரும்பி வருமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். சேலைக்கு வசூலிப்பது 5% தான். அதைக் கட்ட கொள்முதலில் கட்டிய 25 ரூபாயும் கட்டணங்களின் வரியில் ஒரு பகுதியும் போதும். மிச்சக் கிரெடிட் லெட்ஜரில் தேங்கி நிற்கும். சேவைகளுக்குக் கட்டிய வரியை இந்த வகையில் ரீஃபண்டாகக் கேட்க முடியாது. அதனால் சின்ன வியாபாரி எல்லாச் செலவையும் வரியோடு எழுதுவதுதான் சரி. தளம் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரிகளான டிசிஎஸ் அரை சதவீதமும் டிடிஎஸ் 0.1 சதவீதமும் பிறகு சரிக்கட்டிக்கொள்ளக்கூடியவை, அதை விட்டுவிடுவோம்.

புதிதாக விற்க வருபவர் இப்படிப் போடுவார்: 525, 15, 118, லாபம் 60, மொத்தம் 718. அதன்மேல் 17.7% ஏற்றினால் 845. சரி, 849 போடலாம். முதல் தப்பு இங்கேயே நடந்துவிட்டது. கமிஷன் உங்கள் அடக்கத்தின் மேல் பிடிப்பதில்லை, வாங்குபவர் கொடுக்கும் விலையின் மேல் பிடிக்கிறார்கள். 849-ல் 17.7% என்றால் 150 ரூபாய். கைக்கு வருவது 699, செலவு 658. அறுபது என்று நினைத்த லாபம் நாற்பதாகிவிட்டது. கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். ஒரு ரூபாயில் கமிஷன் 17.7 பைசா போனால் கைக்கு வருவது 82.3 பைசா, அதனால் 718-ஐ 0.823-ஆல் வகுத்தால் 872. மறுபடியும் சொல்கிறேன்: அடக்கத்தின் மேல் ஏற்றிக்கொண்டே போவதில்லை விலை. விலையிலிருந்து கழித்துக்கொண்டே கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

இது ஒரு சேலைகூட ரிட்டர்ன் வராத உலகத்தின் கணக்கு. அப்படி ஒரு உலகம் கிடையாது.

பத்து ஆர்டர் போகிறது. ஏழு நிற்கிறது. ஒன்று வீட்டில் ஆளில்லை, போன் எடுக்கவில்லை என்று அப்படியே திரும்புகிறது. இதைத்தான் ஆர்டிஓ என்பார்கள். இதற்குப் பல தளங்கள் கட்டணம் பிடிப்பதில்லை, ஆனால் கவர் போச்சு, சேலை ரெண்டு வாரம் லாரியில் சுற்றிவிட்டு வருகிறது. மீதி ரெண்டும் வாங்கியவரே திருப்பி அனுப்பியவை. கமிஷனையும் நிலையான கட்டணத்தையும் திருப்பிக் கொடுப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். போன கொரியரின் 75, வரியோடு 88.50, திரும்பாது, வரும் கொரியருக்குச் சுமார் 118 தனி. ஒரு ரிட்டர்னுக்கு 206.50, ரெண்டுக்கு 413. அந்த ரெண்டில் ஒன்று மடிப்புக் கலைந்து, மஞ்சள் கறையோடு வரும். அதைக் குறைத்துத்தான் தள்ள முடியும், 250 நஷ்டம். பத்து கவருக்கு 150. மொத்தம் 813.

இந்த 813-ஐ யார் தருவது? நின்ற ஏழு சேலைதான் தர வேண்டும். பத்தால் வகுக்காதீர்கள், ஏழால் வகுங்கள். சேலைக்கு 116 வருகிறது, கவர் செலவும் இதிலேயே அடக்கம். 525, 118, 116 சேர்ந்து 759. 759-ஐ 0.823-ஆல் வகுத்தால், லாபமே இல்லாத விலை 922!

849 போட்டவருக்கு நின்ற ஒவ்வொரு சேலையிலும் 60 ரூபாய் நஷ்டம். அறுபது லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். 999 போட்ட அந்த அக்காவுக்கு நிற்பது 63. கரண்டும், போட்டோவும், ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து பேக்கிங் போடும் நேரமும் அந்த 63-க்குள்தான். "பத்து சதவீதமாவது குறைக்கலாமே" என்று கேட்டவருக்கு: 899-க்குக் கொடுத்தால் சேலைக்கு 19 ரூபாய் கையிலிருந்து போகும்.

"பெரிய கம்பெனிக்காரன் 699-க்குத் தருகிறானே?" தருவான். ஆயிரக்கணக்கில் எடுப்பவனுக்குக் கொள்முதல் வேறு, கொரியர் ரேட் வேறு. "இலவச டெலிவரி என்று போட்டிருக்கிறதே?" அந்த 88.50-ஐ விலைக்குள் வைத்ததால்தான் இலவசம் என்று போட முடிகிறது. "கடைக்காரரும் வாடகை கட்டுகிறாரே?" ஆமாம், கட்டுகிறார். ஆனால் கடையில் சேலையைத் தொட்டுப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குகிறீர்கள். விற்றது பெரும்பாலும் விற்றதுதான்.

விற்பவர்கள் பக்கமும் தவறு இருக்கிறது. சுங்குடியில் ரிட்டர்னுக்குப் பெரிய காரணம் நிறம். டியூப்லைட்டில் எடுத்த போட்டோவில் அரக்கு, கையில் வந்தால் செங்கல் நிறம். பகல் வெளிச்சத்தில், முந்தானையும் உடலும் தனித்தனியாக எடுங்கள். நீளம் எத்தனை மீட்டர், பிளவுஸ் உண்டா இல்லையா, முதல் துவைப்பில் சாயம் கொஞ்சம் போகும் என்பதையெல்லாம் முதல் ரெண்டு வரியிலேயே எழுதுங்கள். பத்தில் ரெண்டாக வரும் ரிட்டர்ன் ஒன்றாகி, கறை நஷ்டமும் பாதியானால் அதே அறுபது ரூபாய் லாபத்துக்கு 927 போதும். சுமார் எழுபது ரூபாய் குறைகிறது!

பேக்கிங்கையும் பாருங்கள். 30 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 4 உயரமுள்ள அட்டைப்பெட்டியைப் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 0.6 கிலோ. தராசில் சேலை 450 கிராம் காட்டினாலும் பில் அடுத்த அரை கிலோவுக்குத்தான் வரும். அதே சேலையை அழுத்தி மடித்துக் கவரில் போட்டு உயரத்தை 3 ஆக்கினால் 0.45. ஒரு சென்டிமீட்டர்தான், அது போகும்போதும் காசு, வரும்போதும் காசு.

"ரிட்டர்ன் எங்கள் உரிமை" என்கிறீர்கள். உரிமைதான், யாரும் மறுக்கவில்லை. கிழிசல் வந்தால், வேறு நிறம் வந்தால் கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் ஃபால்ஸ் தைத்து, ஒரு விசேஷத்துக்குக் கட்டிவிட்டு, அந்தத் தையலைப் பிரித்து, ஊசித் துளை வரிசையாகத் தெரியும் கரையோடு "பிடிக்கவில்லை" என்று திருப்பி அனுப்பிய சேலையை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதில் சென்ட் வாசனைகூடப் போகவில்லை. அதன் செலவைத் தளம் ஏற்காது, கொரியர்காரர் ஏற்கமாட்டார். நேர்மையாக வாங்கி வைத்துக்கொண்ட ஏழு பேர்தான் ஏற்கிறார்கள், மிச்சத்தை அந்த அக்கா ஏற்கிறார்.

அவர் அது அச்சுச் சுங்குடி என்று தெளிவாக எழுதியிருந்தார், கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியது என்று எழுதி இன்னும் ஐந்நூறு கூட்டவில்லை. அப்படி எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களை ஒருவரும் கேட்பதில்லை. உள்ளதை உள்ளபடி எழுதியவரைத்தான் கொள்ளைக்காரி என்றோம். அவர் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. எழுதியவர்கள் இன்றைக்காவது போய் அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள்.