ஒரு கோடுதானே என்கிறார்கள்

புதன்கிழமை கிடங்கில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், முழுக்கதையை மறுபடி சொல்லவில்லை. ஆனால் நேற்றைய கூட்டத்தில் "ஒரு கோட்டுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்களே, அது மனசை விட்டுப் போகவில்லை.

இன்சுலின் பெட்டிக்கு வந்த பிடிஎஃப்பில் `2–8°C` என்று இருந்தது. நடுவில் இருப்பது கீபோர்டில் நாம் தட்டும் சின்னக் கோடு இல்லை. அச்சில் எண்களுக்கு இடையே போடும் நீளக் கோடு, `U+2013`. நம் கிடங்கு சிஸ்டம் பழசு, ஆஸ்கி எழுத்துகளைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. அதனால் அனுப்பும் முன் "சுத்தம் செய்ய" யாரோ ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள்:

```python
text.encode("ascii", "ignore")
```

தெரியாத எழுத்தைச் சத்தமில்லாமல் தூக்கிப் போடு என்பதுதான் அந்த `ignore`. கோடு போனது, டிகிரி வட்டமும் போனது. லேபிளில் வந்தது `28C`. `2?8?C` என்று வந்திருந்தால் யாராவது நின்று கேட்டிருப்பார்கள். `â€“` என்று குப்பையாக வந்திருந்தாலும் கேட்டிருப்பார்கள். இது பார்க்க ஒழுங்காக இருந்தது. லேபிளை நம்பிய தம்பி பெட்டியை வெளி ரேக்கில் வைத்தான். இரவு ஷிப்டில் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

என் அம்மா பதினோரு வருஷமாக இன்சுலின் போடுகிறார். அல்சூர் வீட்டில் கரண்ட் போனால், அவர் முதலில் தேடுவது மெழுகுவர்த்தியை இல்லை. பிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்து டப்பாவில் போட்டு, மண்பானைத் தண்ணீரில் மிதக்க விடுவார். நாள் முழுக்க அதைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அவரைப் போன்ற ஒருவருக்குப் போக வேண்டிய பெட்டி அது. எனக்கு இது வெறும் கோடு இல்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்று: அழிக்காதீர்கள், மாற்றுங்கள். எந்த எழுத்துக்கு எது என்று அட்டவணை வைத்து மாற்றுங்கள். அதில் இல்லாதது வந்தால் வேலையை நிறுத்துங்கள்.

```python
T = str.maketrans({
    "\u2018": "'", "\u2019": "'",
    "\u201c": '"', "\u201d": '"',
    "\u2013": "-", "\u2014": " - ",
    "\u00b0": " deg ",
})
data = text.translate(T).encode("ascii")
```

கடைசி வரியில் `ignore` இல்லை. தெரியாத எழுத்து வந்தால் பைத்தான் `UnicodeEncodeError` சொல்லி நின்றுவிடும். நிற்கட்டும்.

"எழுத்துகளை எளிய வடிவாகப் பிரிக்கும் `NFKD` போட்டால் போதுமே, அட்டவணை எதற்கு?" என்று ஒருவர் கேட்பார். போதாது. வளைந்த மேற்கோளுக்கும் இந்த நீளக் கோடுகளுக்கும் யூனிகோடில் அப்படிப் பிரியும் வடிவமே கிடையாது. அவை அப்படியே இருக்கும், அடுத்த படியில் `ignore` அவற்றை விழுங்கும்.

"வேர்டில் தானாக மாறுவதை ஆஃப் பண்ணச் சொல்லு" என்பார் இன்னொருவர். நம் மெஷினில் பண்ணலாம். அடுத்தவர் அனுப்பும் பிடிஎஃப்பில் எப்படிப் பண்ணுவது?

"பழைய சிஸ்டத்தையே தூக்கிப் போடலாமே" என்பவருக்கு: சரி, போடுங்கள். அதுவரை மருந்து எங்கே போகும்?

ஒரு விஷயத்தில் மட்டும் என்னை எதிர்ப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வளைந்த மேற்கோளை நேர் மேற்கோளாக மாற்றினால் சிஎஸ்வியில் அதுவே புலத்தின் எல்லைக் குறியாகிவிடும், வரி உடையும். அதனால் முதலில் மாற்றம், பிறகுதான் மேற்கோளை இரட்டிப்பது. நீளத்தையும் மாற்றிய பிறகே அளக்க வேண்டும். ஐந்து எழுத்தான `2–8°C`, `2-8 deg C` என்று ஒன்பது எழுத்தாகிவிடும். அளவு தெரியாமல் அனுப்பினால் வால் வெட்டுப்படும். இதைச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

ஆனால் புதன் இரவே அட்டவணையைப் போட்டேன், வியாழன் காலை வேலை நின்றுபோனது. "பார், உன்னால்தான்" என்றார்கள். எதனால் நின்றது தெரியுமா? உறையவைக்க வேண்டிய ஒரு சரக்கில் `−20°C`. அந்தக் கழித்தல் குறி கீபோர்டில் இருப்பதில்லை, `U+2212`. என் அட்டவணையில் அது விட்டுப்போயிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பழைய வரி இருந்திருந்தால் `20C` என்று லேபிள் அடித்து அனுப்பியிருக்கும். நின்றதால்தான் பார்த்தேன், ஒரு வரி சேர்த்தேன், பத்து நிமிஷத்தில் ஓடியது. அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்னிடம் விளக்கம் கேட்டு மெயில் வந்திருக்கிறது. `28C` எப்படி வந்தது என்று யாரும் யாரிடமும் மெயிலில் கேட்கவில்லை.

கேட்டது அந்தத் தம்பியிடம் மட்டும்தான். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. "அண்ணா, லேபிள்ல இருபத்தெட்டுன்னுதானே இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்கிறான். "கவனக்குறைவு" என்று எழுதிய மெமோ அவன் சட்டைப் பையில் மடித்து இருக்கிறது. திங்கள்கிழமை அதைத் திரும்ப வாங்குங்கள்.