ஒரு நம்பர் தானே தம்பி!

நேத்து சாயங்காலம் டிடிபி கடையைச் சாத்தும்போதே எழுதணும்னு நினைச்சேன். கோபத்துல எழுதினா பச்சை பச்சையா வரும்னு விட்டுட்டேன். இன்னிக்கும் ஆறல.

ஆடி பாதி போயாச்சு. ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபக்காரங்க எல்லாம் நோட்டீஸ் அடிக்கக் கிளம்பியிருக்காங்க. குடியாத்தம் ரோட்டுல ஒரு கல்யாண மண்டபத்து ஓனர், பெரியவர், வேலூர் சாரதி மாளிகைப் பக்கம் விசாரிச்சுட்டு நம்ம கடைக்கு வந்தார். ஏ4-ல மூணு மடிப்பு, ரெண்டு பக்கமும் கலர். போனை நீட்டி, "இதான் தம்பி, பழைய பிரவுசர். போன் நம்பரும் ரேட்டும் மட்டும் மாத்தணும்"னார். பிரவுசர்னா பிரோச்சர்.

"சோர்ஸ் ஃபைல் இருக்காங்க ஐயா? கோரல் ஃபைல்?"

"அதான் அனுப்பியிருக்கேனே, பிடிஎஃப்பு."

நான் கேட்டது டிசைன் பண்ணின கோரல்டிரா ஃபைல், அதுலதான் எழுத்தை மாத்த முடியும். பழைய டிசைனர் இப்போ பெங்களூர்ல வேற வேலையில இருக்காராம். போன் பண்ணிக் கேட்டேன். அவர் பதில்தான் எனக்கு முதல் அடி. பிரஸ்ல "கர்வ் பண்ணி அனுப்பு"ன்னு கேட்டிருக்காங்க. ஃபான்ட் இல்லாத மெஷின்லயும் எழுத்து மாறாம இருக்க, எழுத்தையெல்லாம் வெறும் கோட்டு வடிவமா மாத்துறதுதான் கர்வ். அதுல தப்பில்ல. ஆனா தலைப்பையெல்லாம் கர்வ் பண்ணிட்டு, வேற பேர்ல சேவ் பண்ணாம, அதே ஃபைல் மேலேயே சேவ் அடிச்சிருக்கார். அதுக்கப்புறம் அந்த கம்ப்யூட்டரையும் ஃபார்மட் அடிச்சாச்சு. மிச்சம் இருக்கிறது இந்த பிடிஎஃப் ஒண்ணுதான்.

இந்த மாதிரி ஃபைல் வந்தா நான் முதல்ல டெர்மினல்ல ரெண்டு வரி அடிச்சுப் பாத்துடுவேன். அதுலயே எவ்வளவு அழப்போறோம்னு தெரிஞ்சிடும்.

```
pdffonts mandapam.pdf
pdfimages -list mandapam.pdf
```

முதல் வரி, உள்ளே என்னென்ன ஃபான்ட் இருக்குன்னு காட்டும். ஃபான்ட் பேருக்கு முன்னாடி ஆறு ஆங்கில எழுத்தும் ஒரு + குறியும் இருந்தா, ஃபான்ட் முழுசா இல்ல, பயன்படுத்தின எழுத்து மட்டும்தான் கிள்ளி வச்சிருக்குன்னு அர்த்தம். `sub`-ன்ற இடத்துல yes-னு வர்றதும் அதேதான். கர்வ் பண்ணின எழுத்து அந்தப் பட்டியல்லயே வராது. தலைப்பு ரெண்டும் வரல. போச்சு.

"ஒரு நம்பர் தானே"ன்னாரே, அந்த நம்பரை எடுங்க. அது ஒரு தடிச்ச ஃபான்ட்ல, அந்த ஒரு வரிக்கு மட்டும் போட்டது. பழைய நம்பர்ல 7 இல்ல. புது நம்பர்ல மூணு 7. அந்த ஃபான்ட் என் மெஷின்ல கிடையாது, பிடிஎஃப் உள்ளேயோ 7-ன்ற எழுத்தே கிடையாது. எங்கிருந்து எடுக்கிறது? வெறும் வெள்ளைப் பின்னணியா இருந்தா பட்டி ஒட்டின மாதிரி ஒரு கட்டம் போட்டு மறைச்சு, மேல கிட்டத்தட்ட ஒத்துப்போற ஃபான்ட்ல அடிச்சு விட்டிருப்பேன். அந்த வேலைக்கு இருநூறு ரூபா போதும்னு நானே சொல்லியிருப்பேன். ஆனா நம்பருக்குப் பின்னாடி குத்துவிளக்கு போட்டோ, அதுமேல மஞ்சள்ல இருந்து சிவப்புக்குப் போற கலர். எங்க பட்டி ஒட்ட?

சரி, முழுசா கட்டிடலாம்னு உக்காந்தேன். மண்டபத்தைப் பத்தின பாராவை காப்பி பண்ணி ஒட்டினா இப்படி வருது:

```
jpUkz kz;lgk;
```

வைரஸ் இல்ல, பாமினி. "திருமண மண்டபம்"னு அடிச்சது. பழைய ஃபான்ட்ல j-ன்ற ஆங்கில எழுத்து இருக்கிற இடத்துல 'த' வரைஞ்சு வச்சிருப்பாங்க, k இடத்துல 'ம'. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ். நல்லவேளை பட்டியல்ல பாமினின்னு பேர் இருந்துச்சு. அதுக்கான கன்வெர்ட்டர்ல போட்டேன், யூனிகோடா வந்துடுச்சு. பேர் தெரியலைன்னா வேற பழைய ஃபான்ட்டோட கன்வெர்ட்டர்ல போட்டு, ஒரு உளறல் இன்னொரு உளறலா மாறுறதைப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரம்னு ஏத்துக்கிச்சு. நம்ம டிடிபி கடைக்குள்ள அது இன்னும் முழுசா நுழையல.

ரேட் அட்டவணை யூனிகோட்ல இருந்துச்சு. அப்பாடான்னு காப்பி பண்ணா, "கொள்ளளவு" போய் "ெகாள்ளளவு" வந்து நிக்குது. பிடிஎஃப்புக்கு எழுத்தோட வரிசை தெரியாது, தாள்ல எது எங்க நிக்குதுன்னு மட்டும்தான் தெரியும். கொம்பு முன்னாடி நிக்குது, அதனால முன்னாடியே எடுத்துக் குடுக்குது. ஒத்தைக் கொம்பு, ரெட்டைக் கொம்பு, ஐகாரம் வர்ற எடமெல்லாம் இதே கூத்து. துணையில்லாம நிக்கிற கொம்புக்குப் பக்கத்துல வர்ற புள்ளி வட்டம் தெரிஞ்சா கண்டுபிடிச்சிடலாம். சில இடத்துல அந்த வட்டமே தெரியாது, அதுதான் ஆபத்து: "இடம் பெற" ஒரு வரி, அதுல கொம்பு ம்-க்குப் பக்கத்துல போய் நிக்க, ரெண்டு தடவை படிச்சும் எனக்கே தெரியல. கடைசியில எல்லாத்தையும் புதுசா அடிச்சேன். அதுதான் சீக்கிரம் முடிஞ்சுது.

கோரல்ல பிடிஎஃப்பை இம்போர்ட் பண்ணும்போது டெக்ஸ்டா வேணுமா, கர்வா வேணுமான்னு கேக்கும். டெக்ஸ்டுன்னு குடுத்தா பாரா பாராவா வராது, ஒவ்வொரு வரியும் தனித்தனித் துண்டா வந்து விழும். ஒரு வார்த்தை கூட்டினா அடுத்த வரி நகராது. அதனால நான் கர்வா இறக்கி, அடியில ஒரு லேயர்ல வெச்சு, மங்கலாக்கிப் பூட்டிட்டேன். அதுமேல கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி ஒவ்வொண்ணா புதுசா கட்டினேன். இதுக்குக் குறுக்கு வழி இருந்தா சொல்லுங்க, கும்பிட்டுக்கிறேன்.

ரெண்டாவது வரி போட்டோவோட லட்சணத்தைக் காட்டுச்சு: 96 பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 96 புள்ளிதான். ஆஃப்செட்டுக்கு 300 வேணும். மெயில்ல அனுப்ப சைஸைக் குறைச்சு எடுத்த பிடிஎஃப் அது. போன்ல பளபளன்னு தெரியும், தாள்ல மேடை போட்டோ கொசுவலைக்குப் பின்னாடி தெரியிற மாதிரி வரும். புதுசா எடுத்து அனுப்புங்கன்னா, "அதுலயே இருக்கே தம்பி, அத்த எடுத்துக்கோ"ன்றார்.

இதைவிட மோசம் கருப்பு. அந்த பிடிஎஃப் ஆர்ஜிபி, திரைக்கான கலர். அதை அச்சு மைக்கான சிஎம்ஒய்கே ஆக்கினா கருப்பு எழுத்து நாலு மையும் கலந்த கருப்பா மாறிடும். திரையில ரெண்டும் ஒண்ணுதான். மெஷின்ல ஒரு பிளேட் ஒரு முடி அளவு நகர்ந்தா போதும், சின்ன எழுத்தெல்லாம் ஓரத்துல சிவப்பும் நீலமும் கசிஞ்சு நிக்கும். ஒவ்வொரு எழுத்தையும் தேடிப்பிடிச்சு கருப்பு மை கே 100, மத்த மூணும் 0-ன்னு வெச்சேன். இது யார் கண்ணுக்குத் தெரியும்? தெரியாம இருக்கத்தானே இந்த வேலையே.

ரெண்டு நாள். மத்தியானம் கரண்ட் போன ஒரு மணி நேரத்தைச் சேர்க்கல.

பில்லைக் குடுத்ததும் மனுஷன் முகம் மாறிடுச்சு. "இன்னாபா, ஒரு நம்பர மாத்த இவ்ளோவா? பழசு மாதிரியேதான இருக்குது!"

பழசு மாதிரியே இருக்கணும்னுதாங்க ரெண்டு நாள் உக்காந்தேன்னேன். பாதியாப் பேசிக் குடுத்தார். அப்பவும் மனசு கேக்காம, கோரல் ஃபைல், கர்வ் பண்ணாதது தனி, பண்ணினது தனி, ஃபான்ட் எல்லாம் சேத்து ஒரு பென்டிரைவ்ல போட்டு, மேல மண்டபத்து பேரை ஒட்டிக் கையில குடுத்தேன். பத்திரமா வைங்க, அடுத்த தடவை அஞ்சு நிமிஷ வேலைன்னேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "தம்பி, நீ குடுத்தது போன்ல தொறக்க மாட்டேங்குது. அத்த வெச்சு நான் இன்னா பண்றது? பிடிஎஃப்பா அனுப்பிடு."