சராசரிப் பிழை 4.6 என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள்

திருமலையில் கணினி படிக்கிற தம்பி தங்கச்சிமார் இறுதியாண்டுச் செயற்திட்டமாக விரும்பி எடுக்கிற ஒன்று, முகப் படத்தைப் பார்த்து வயதைச் சொல்லும் நிரல். அறிக்கையின் முடிவில் ஒற்றை எண் இருக்கும்: "சராசரிப் பிழை 4.6 வருடம்". அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு கணக்குக்கு 100 சோதனைப் படங்கள் என்று வையுங்கள். 70 படம் 20 முதல் 35 வயதுக்காரர், ஒவ்வொன்றிலும் 3 வருடப் பிழை. 20 படம் 36 முதல் 50 வரை, பிழை 6. மிச்சம் 10 படம் ஐம்பதைத் தாண்டியவர்கள், பிழை 13. கூட்டினால் 210, 120, 130; மொத்தம் 460. நூறால் பிரித்தால் 4.6. ஐம்பது தாண்டிய ஒருவருக்கு அந்த நிரலால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அவர்கள் பத்துப் பேர்தான் என்பதால் அவர்களுடைய பிழை இளைஞர்களின் எண்ணிக்கைக்குள் கரைந்து போய்விட்டது.

பிழை ஏன் வயதானவர்களிடம் குவிகிறது? பயிற்சி முறையிலேயே அது இருக்கிறது. 2015இல் வந்த, இன்றும் பலர் பின்பற்றுகிற DEX என்ற முறை 0 முதல் 100 வரை 101 பெட்டிகளை வைத்துக்கொள்கிறது. படத்தைப் பார்த்து ஒவ்வொரு பெட்டிக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு பங்கு கொடுக்கும். பிறகு ஒவ்வொரு வயதையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டினால் வருவதுதான் விடை. படம் தெளிவாக இருந்தால் பங்கெல்லாம் ஒரு இடத்தில் குவியும். மங்கலாக இருந்தால் அல்லது அப்படிப்பட்ட முகத்தைப் பயிற்சியில் அதிகம் கண்டிராவிட்டால் பங்கு பரவிப்போகும். அப்போது, பயிற்சியில் எந்த வயதுக்காரர் கூட இருந்தார்களோ அந்தப் பக்கமே விடை சாயும். பயிற்சிப் படங்களில் பெரும்பாலானவர்கள் இருபது, முப்பதுகளில் இருந்தால் 62 வயது அப்பாவை 49 என்று சொல்லும், 9 வயதுப் பிள்ளையை 14 என்று சொல்லும். சந்தேகம் வந்தால் நடுவில் நிற்பதுதான் அதற்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட பாதுகாப்பான வழி.

இதைக் கண்டுபிடிக்க மூன்று வரி போதும். பிழையின் அளவை மட்டும் பார்க்காமல் கூட்டல், கழித்தல் குறியோடு வயது வாரியாகப் பிரித்துப் பாருங்கள்:

```python
df["err"] = df["pred"] - df["age"]
g = pd.cut(df["age"], [0, 18, 30, 45, 60, 101], right=False)
print(df.groupby(g)["err"].agg(["mean", "count"]))
```

மேலே உள்ள சிறு வயது வரியில் கூட்டலும் கீழே உள்ள முதிய வயது வரியில் கழித்தலும் வந்தால் நடுப்பக்கச் சாய்வு இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை பேர் என்று காட்டும் `count` நெடுவரிசையையும் பாருங்கள். பத்துப் பதினைந்து பேரை வைத்து அந்த வயதுக்காரரைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதே கணக்கை ஆண், பெண் என்று பிரித்தும் செய்ய வேண்டும். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான NIST 2024இல் ஆறு நிரல்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய எல்லா இடத்திலும் பெண் முகங்களில்தான் பிழை கூடுதலாக இருந்தது.

இனி அடுத்த வாசல், லேபிள். சரியான வயது என்று நாம் நிரலுக்குக் கொடுக்கிற எண்ணே சரிதானா? மாணவர்கள் அதிகம் இறக்குகிற UTKFace என்ற முகப் படத் தொகுதியில் கோப்பின் பெயரே லேபிள்: `38_0_3_...jpg` என்றால் 38 வயது, ஆண், "இந்தியர்". அந்த 38 பிறப்புச் சான்றிதழிலிருந்து வந்ததல்ல. DEX நிரல் சொன்ன வயதை மனிதர் ஒருவர் பார்த்துச் சரிபிடித்த எண் அது. ஒரு நிரலின் ஊகம் அடுத்த நிரலுக்கு உண்மையாகிவிடுகிறது. முதல் நிரலுக்கு எங்கே சாய்வு இருந்ததோ அந்தச் சாய்வும் கூடவே வரும். "இந்தியர்" என்பதற்கான அந்த 3 என்ற ஒற்றை எண்ணுக்குள்தான் காஷ்மீர்க்காரரும் நம் கடற்கரை ஆட்களும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் படங்கள் உள்ள IMDB-WIKI தொகுதியில் படம் எடுத்த காலத்திலிருந்து பிறந்த திகதியைக் கழித்து வயதைப் போட்டிருக்கிறார்கள். அதில் சினிமாப் படக் காட்சிகளும் உண்டு; ஒரு சினிமாவை எடுத்து முடிக்க வருடக்கணக்கானால், அந்தக் காட்சிகளுக்குப் போட்ட காலம் பிழையாகிவிடும்.

அதனால் ஊர்ப் படங்களைச் சேர்க்கிறவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் வழுக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த `IMG-20240315-WA0007.jpg` என்பதில் இருப்பது படம் எடுத்த நாள் இல்லை, அது கைமாறிய நாள். உள்ளே இருந்த கமரா விபரத்தையும் வாட்ஸ்அப் அகற்றிவிடும். பத்து வருடப் பழைய கல்யாணப் படம் நேற்று அனுப்பப்பட்டிருந்தால் 30 வயது முகத்துக்கு 40 என்று லேபிள் விழும்.

பிறந்த திகதிக்கு இலங்கை அடையாள அட்டை இலக்கம் நல்ல வழி. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று நாள். புதிய 12 இலக்கத்தில் ஆண்டு நான்கு இலக்கம். 86 234 என்றால் 1986இல் 234ஆவது நாள். பெண் என்றால் 500 கூட்டி 734 என்று இருக்கும். அதைக் கழிக்க மறந்தால் பெண்களின் பதிவுகள் மட்டும் பிழைபட்டு, நிரல் அவற்றைத் தள்ளிவிடும். பெண் படங்கள் குறைந்ததற்குக் காரணம் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஆகவே 234 ஆகஸ்ட் 21. சாதாரண நாட்காட்டி நிரல் 22 என்று சொல்லும். வயதைக் கணக்கிட்டதும் இலக்கத்தை அழித்துவிடுங்கள், அது உங்களிடம் இருக்கக் கூடாத விபரம்.

லேபிள் சரியாக இருந்தாலும் வெளிச்சம் ஏமாற்றும். நிலாவெளியில் கரைவலை இழுக்கிற 38 வயது ஆளை நடுப்பகல் வெயிலில் படம் எடுத்தால் புருவத்துக்குக் கீழும் மூக்கோரமும் நிழல் விழுந்து ஒவ்வொரு கோடும் ஆழமாகத் தெரியும். அதே ஆளை மாலை ஐந்து மணிக்கு மர நிழலில் எடுத்தால் கோடு பாதி மறைந்துவிடும். வருடக்கணக்கில் வெயிலும் உப்புக் காற்றும் பட்ட தோல் உண்மையாகவே வயதைக் கூட்டிக் காட்டும், அது வேறு. ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் படத்தில் முகத்தை வழவழப்பாக்கியிருப்பார்கள். அங்கே வயது குறையும். இப்போது யோசியுங்கள்: மீனவர் படங்களைக் கரையிலும் உத்தியோகத்தர் படங்களை ஸ்டூடியோவிலும் சேர்த்தால், நிரல் கற்பது வயதையா, தொழிலையா? இதைச் சோதிக்க ஒரே ஆளை, ஒரே நாளில், மூன்று வெளிச்சத்தில் எடுங்கள். முப்பது பேர் போதும். மூன்று விடைக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் வெளிச்சத்தின் பிழை, ஏனென்றால் அந்த ஒரு நாளில் யாருக்கும் வயது ஏறவில்லை. ஒருவரின் படங்கள் எல்லாம் பயிற்சியில் அல்லது சோதனையில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டிலும் இருந்தால் நிரல் ஆளை நினைவில் வைத்துக்கொண்டு நல்ல மதிப்பெண் காட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த நிரல்களை 18 வயது எல்லை காக்க வைக்கப் பார்க்கிறார்கள். எல்லையில் சராசரி உதவாது. 17 வயதுப் பெடியன் வெயிலில் வலை இழுத்தால் அவனை 22 என்று சொல்லி உள்ளே விடும். 20 வயதுப் பெண்ணை 16 என்று நிறுத்தும். நிறுத்தப்பட்ட பிள்ளை அடையாள அட்டையைக் காட்டிக் கடந்து போக ஒரு வழி கட்டாயம் வேண்டும். படம் காட்டும் வயது 25க்குக் கீழே என்றால் நிரல் முடிவெடுக்காமல் அட்டையைக் கேட்கட்டும். அந்த 25 என்ற எல்லையும் வேறு நாட்டு முகங்களை வைத்துப் போட்டதாக இருக்கக் கூடாது. நம் ஊர் 15, 16, 17 வயதுப் பிள்ளைகளின் படங்களை, பெற்றோரின் சம்மதத்தோடு, தனியாகச் சோதித்து, அவர்களில் எத்தனை பேரை நிரல் 25க்கு மேல் என்று சொல்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு போட வேண்டும். அந்த எண்ணிக்கையைத்தான் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். 4.6 பின்னால் இருக்கட்டும்.