“கேட்கிறதா?” என்று எழுதிக் கேட்பவருக்கு வாயால் பதில் சொல்லாதீர்கள்

இணையக் கூட்டம் தொடங்கியதும் யாராவது ஒருவர் அரட்டைப் பெட்டியில் “நான் பேசுவது கேட்கிறதா?” என்று எழுதுவார். உடனே பத்துப் பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து “கேட்கவில்லை, கேட்கவில்லை” என்பார்கள். அவருக்கு நம் குரல் கேட்கிறதா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. அதைவிட மோசம், “ஆம்” என்று மட்டும் எழுதுவது. எழுதியவர் “படித்துவிட்டேன்” என்ற பொருளில் எழுதியிருப்பார். கேட்டவரோ குரல் போகிறது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் பேசத் தொடங்கிவிடுவார்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு, பிரான்சில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜூமில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவுச் சாப்பாடு நெருங்கும்போதுதான் அங்கே எல்லோரும் கூடுவார்கள். இந்தக் கேள்வி வராத வாரம் அநேகமாக இல்லை. அதனால் இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு: முதல் பதில் எழுத்தில்தான் வர வேண்டும், அதுவும் இரண்டு திசைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அவர் குரல் நமக்கு வருவது ஒன்று, நம் குரல் அவருக்குப் போவது வேறொன்று. இரண்டில் ஒன்று மட்டும் அறுந்துபோவது சாதாரணம்.

பாரிஸ் பக்கத்திலிருந்து ஒரு அக்கா அண்மையில் இப்படிக் கேட்டார். நான் எழுதிய பதில் இது: “அக்கா, நீங்கள் எழுதியது வந்தது. குரல் வரவில்லை. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் மைக் படமே இல்லை. நாங்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா?” அவர் “இல்லை தம்பி” என்று எழுதினார். அந்த ஒரு வார்த்தையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மைக் படம் இருந்து அதன்மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தால், மைக்கை மூடி வைத்திருக்கிறார் என்று பொருள். படமே இல்லையென்றால் அவர் கூட்டத்துக்குள் வந்திருக்கிறார், ஒலியோடு இன்னும் இணையவில்லை. கைப்பேசியில் Join Audio என்பதைத் தொட்டு, அடுத்து வருவதில் Wifi or Cellular Data என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். குரல் வந்துவிட்டது.

“மைக்கைத் திறங்கள், மைக்கைத் திறங்கள்” என்று நாங்கள் கத்தியிருந்தால், இல்லாத பொத்தானை அவர் தேடிக்கொண்டிருந்திருப்பார். கூட்டம் நடத்துபவரே திறந்துவிடலாமே என்பார்கள் சிலர். நடத்துபவரால் பிறர் மைக்கை மூட முடியும். பொதுவாகத் திறக்க முடியாது, திறக்கும்படி கோரிக்கைதான் அனுப்ப முடியும். அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வீட்டுக்குள் நடக்கிற பேச்சு ஊருக்குக் கேட்கக் கூடாதல்லவா?

மைக் திறந்தே இருந்தும் குரல் வராதபோதுதான் கவனம் தேவை. அவர் பேசும்போது மைக் படத்துக்குள் பச்சை நிறம் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறினால் அவர் குரல் வந்துகொண்டுதான் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் உங்கள் ஒலிபெருக்கியில். ஆகவே “குரல் வரவில்லை” என்று எழுதுவதற்குமுன் இன்னொருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பச்சை அசையவே இல்லையென்றால் அவருடைய கருவி வேறெங்கோ காதைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த அறை மேசையில் கிடக்கும் புளூடூத் இயர்போன் இன்னும் இணைப்பில் இருந்தால், நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து எவ்வளவு பேசினாலும் மைக் அந்த அறையைத்தான் கேட்கும். அப்போது எழுத வேண்டியது: “மைக் திறந்திருக்கிறது, ஒலி அசையவில்லை. புளூடூத்தை அணைத்துப் பாருங்கள்.”

“எழுத்து வருகிறதே, அப்படியானால் இணையம் நன்றாகத்தானே இருக்கிறது” என்ற வாதத்தையும் நான் ஏற்பதில்லை. எழுத்து மிகச் சிறியது. வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்பப்படும், சில நொடி தாமதமாக வந்தாலும் யாருக்கும் தெரியாது. குரலுக்கு அந்த அவகாசம் கிடையாது. தாமதமாக வந்த துண்டைச் செயலி தூக்கியெறிந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதனால்தான் சிலர் பேச்சு எழுத்து விழுந்த சுவரொட்டி போல வருகிறது. அவர்களுக்கு “கேட்கிறது” என்று பதில் சொல்வது பாதிப் பொய். “வருகிறது, ஆனால் விட்டுவிட்டு வருகிறது, வீடியோவை அணைத்துவிட்டுப் பேசுங்கள்” என்றால் உதவி. அமெச்சூர் வானொலிக்காரர்கள் இதில் நம்மைவிடத் தெளிவானவர்கள்: பேச்சு புரிகிற அளவுக்கு 1 முதல் 5 வரை, சமிக்ஞையின் வலுவுக்கு 1 முதல் 9 வரை எண் சொல்வார்கள். வெறும் “ஆம்” அங்கே பதிலாகாது.

கேட்பவர்களும் கொஞ்சம் கூடுதலாக எழுதலாம். “நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது கேட்கிறதா?” என்று எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும். எங்கள் வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஒருவரை மட்டும் வைத்திருக்கிறோம். மற்றவர்கள் அதுவரை பேசக் கூடாது. பிள்ளைகள் இதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார்கள். மாமாக்கள்தான் இன்னும் கத்துகிறார்கள்.