‘திரை’ என்ற சொல்தான் முதல் பொய்

நீச்சல் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். தலைவலி என்றாள். மாத்திரை கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள். விடுதிப் பள்ளியில் செவிலியராக இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். மாதவிடாய் நாளில் நீந்த வேண்டும், உதிரத்தை உறிஞ்ச யோனிக்குள் வைக்கும் பஞ்சுச் சுருளான டாம்பன்தான் அவள் கவலை.

“டாம்பன் வைத்தால் கன்னித்தன்மை போய்விடுமாம், அத்தை சொன்னார். திரை கிழிந்துவிடுமா சிஸ்டர்?”

“திரை மூடியிருந்தால் மாதாமாதம் உதிரம் எந்த வழியாக வருகிறது?” என்று கேட்டேன். யோசித்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

கன்னித்திரை என்று பெயர் வைத்ததுதான் வினை என்பேன். திரை என்றாலே வாசலை மறைத்துத் தொங்குவதுதான் மனத்தில் வரும். உண்மையில் அது யோனியின் வாயோரம் இருக்கும் மெல்லிய மடிப்பு. பெரும்பாலும் வளையமாகவோ பிறை வடிவிலோ இருக்கும், நடுவில் வழி உண்டு. பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் சுரப்பதால் அது தடித்து நெகிழ்ச்சி பெறுகிறது. சுவீடனில் 2009-இல் ஒரு பாலியல் கல்விச் சங்கம் பழைய சொல்லைக் கைவிட்டு, ‘யோனி வளையம்’ என்று பொருள்படும் புதிய சொல்லையே கொண்டுவந்தது. நமக்கும் அப்படியொன்று வேண்டும்.

சிறு கீறல்கூட விழாது என்று அவளிடம் நான் சத்தியம் செய்யவில்லை. விழலாம். ஆனால் அந்த மடிப்பைப் பார்த்து ஒரு பெண் உடலுறவு கொண்டாளா இல்லையா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. டாம்பன் வைப்பது உடலுறவும் அல்ல.

“உள்ளே போய்த் தொலைந்துவிட்டால்?”

போக வழியில்லை. யோனியின் மேல்முனையில் கருப்பைவாய் இருக்கிறது. அதன் துளை உதிரம் கசியப் போதும், டாம்பன் நுழையப் போதாது. சிறுநீர் வரும் வழியும் வேறு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். சிலருக்கு அந்த வளையத்தின் குறுக்கே நார்போல ஒரு சதை ஓடும். டாம்பன் உள்ளே போய்விடும், உதிரத்தில் ஊறிப் பருத்தபின் வெளியே வராமல் சிக்கும். சிலருக்கு உள்ளேயே போகாது. இழுத்துப் போராடாமல் மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும். சிறிய அறுவையில் சரியாகிவிடும். எனவே போட்டியன்று முதன்முதலாக முயலாதே, உதிரப்போக்கு உள்ள இன்றே அறையில் முயன்று பார் என்றேன். போக்கு இல்லாத நாளில் வறண்டு உரசி வலிக்கும், அதையும் அச்சம் திரை என்றே எடுத்துக்கொள்ளும்.

உறிஞ்சும் திறன் குறைந்த வகையை வாங்கு, நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் மாற்று, நீந்தி முடித்ததும் எடுத்துவிடு. திடீர்க் காய்ச்சல், வாந்தி, மயக்கம், வெயிலில் கன்றியதுபோல் தோல் சிவத்தல் இவை வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடு. இவை டாம்பனால் வரக்கூடிய நஞ்சு அதிர்ச்சி நோயின் அறிகுறிகள். அது அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. பயப்பட வேண்டியது இதற்குத்தான். இதைப் பற்றி அத்தை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அவள் போன பிறகு பார்த்தேன், தலைவலி மாத்திரை மேசையிலேயே கிடந்தது.