டொரண்டோல பொறந்த எங்க குட்டித்தங்கத்துக்கு பெரியம்மாவோட வாழ்த்து

வந்துட்டாடி நம்ம வீட்டு மகாலட்சுமி! வீடியோல அவ கொட்டாவி விட்டதையும் அந்தக் குட்டிக் கையை இறுக்கி மூடி வச்சிருந்ததையும் திரும்பத் திரும்ப பாத்துட்டு இருக்கேன், மூக்கு அப்படியே நம்ம தாத்தா மூக்கு, மாப்பிள்ளை கோச்சுக்கிட்டாலும் பரவால்ல அதை நான் சொல்லத்தான் செய்வேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும் இந்த பெரியம்மாவோட கோடி முத்தம், பாப்பா நூறாயுசு நல்லா இருக்கணும்.

இப்ப சந்தோஷத்தோட சேத்து ஒண்ணு சொல்லணும். நேத்து சித்தி மதுரையில இருந்து போன்ல உன்னை "பால் பத்துதாடி, புள்ள அழுதுகிட்டே இருக்கே, டப்பா பால் குடுத்துப் பாரேன்"னு கேட்டாங்கல்ல, அதுக்கப்புறம் உன் முகம் வாடிப்போச்சு. பிரசவ வார்டுல வேலை பாக்குற எனக்கு தினம் காதுல விழுற வார்த்தை அது. பாசத்துல தான் கேக்குறாங்க, ஆனா பெத்து மூணே நாளான பொண்ணை அதைவிட வேகமா உடைக்கிற கேள்வி வேற இல்லைங்கிறது என் கருத்து.

மொத ரெண்டு மூணு நாள் வர்றது சீம்பால். கொஞ்சமா, கெட்டியா தான் இருக்கும், அந்தச் சின்ன வயித்துக்கு அது போதும். பால் கட்டிக்கிட்டு நெறைய வர்றது மூணாவது நாலாவது நாள் தான், உனக்கு மாதிரி சிசேரியன்னா ஒரு நாள் கூடத் தள்ளலாம். ரெண்டாவது மூணாவது ராத்திரி புள்ள மார விடாம அழுறதும் பால் இல்லாததால தான்னு சொல்ல முடியாது, அவ அப்படி சப்பச் சப்பத் தான் பால் ஊறும். அந்த நேரத்துல தேவையில்லாம பாட்டிலைக் குடுத்தா அவ சப்புறது குறையும், ஊறுறதும் குறையும், அப்புறம் நெசமாவே பத்தாமப் போயிரும்.

எடை குறைஞ்சிருச்சுன்னு அழுதியே, கணக்கைப் பாருடி. பொறக்கும்போது 3,200 கிராம், மூணாவது நாள் 2,980. 220 கிராம், அதாவது 7 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. இந்த அளவு குறையுறது சாதாரணம், பொதுவா ரெண்டு வாரத்துக்குள்ள பொறந்த எடைக்கு வந்துருவாங்க. 10 சதவீதத்தை தொட்டா, உன் பாப்பாவுக்கு 2,880க்குப் பக்கத்துல போனா, உடனே டாக்டர் பாக்கணும்.

அழுகையை வச்சு முடிவு பண்ணாத, டயப்பரை வச்சுப் பண்ணு. மொத நாள் ஒரு ஈர டயப்பர், ரெண்டாம் நாள் ரெண்டு, மூணாம் நாள் மூணுன்னு ஏறி அஞ்சாம் நாளுக்கு மேல ஒரு நாளைக்கு ஆறாவது இருந்தா பால் போகுதுன்னு அர்த்தம். மலமும் கருப்புல ஆரம்பிச்சு பச்சையாகி அஞ்சாம் நாளுக்குள்ள மஞ்சளாயிரணும். நாலஞ்சு நாளாகியும் கருப்பாவே இருந்தா, ஒண்ணுக்குல செங்கல் கலர் கறை வந்துகிட்டே இருந்தா, எழுப்பினாலும் குடிக்காம சுருண்டு தூங்கினா, மஞ்சள் காமாலை கால் வரைக்கும் எறங்கினா, காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஜன்னல் வெயில்ல காட்டினா மஞ்சள் போயிரும்னு யாராவது சொன்னா கேக்காத. அப்படி ஒரு நெலமையில டாக்டர் பவுடர் பால் குடுக்கச் சொன்னா தயங்காமக் குடு, அதுல ஒரு குத்த உணர்ச்சியும் வேணாம்.

உனக்கு வலிக்குதுன்னு சொன்னது தான் எனக்கு முக்கியமாப் படுது. புள்ள காம்பை மட்டும் பிடிச்சா வலிக்கும், பாலும் சரியா வராது, குடிச்சு முடிச்சதும் காம்பு நசுங்கின மாதிரி தட்டையா இருந்தா அது தான்னு தெரிஞ்சுக்கோ. அவ வாயை நல்லா பெருசாத் தொறக்குற வரைக்கும் பொறுத்து, காம்பைச் சுத்தி இருக்குற கருப்புப் பகுதியும் உள்ள போற மாதிரி அணைச்சுக்கோ. தாடை மார்ல அழுந்தி, கீழ் உதடு வெளிய மடங்கி இருக்கணும். அங்க தாய்ப்பாலுக்குன்னே ட்ரெய்னிங் எடுத்த ஆலோசகர்கள் இருக்காங்க, நாளைக்கே ஒருத்தரை நேர்ல பாக்கச் சொல்லி மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன்.

அப்புறம் பத்தியம்னு தண்ணியைக் குறைக்காத, தாகம் எடுக்கும்போதெல்லாம் குடி. பூண்டுக் குழம்பெல்லாம் ஆசையாச் சாப்பிடு. சேனைன்னு பாப்பா நாக்குல தேன் வைக்கணும்னு சித்தி சொன்னா நான் பேசிக்கிறேன், ஒரு வயசு வரைக்கும் தேன் நாக்குல படவே கூடாது, அதுல இருக்குற கிருமியால புள்ளைக்கு பொட்டுலிசம்னு ஆபத்தான நோய் வரலாம். டாக்டர் சொன்ன வைட்டமின் டி சொட்டு மருந்து தினம் 400 யூனிட், அதை மட்டும் மறந்துராத.

இந்தக் குளிர்காலத்துல உனக்கு ராத்திரி மூணு மணின்னா எனக்கு மத்தியானம் ஒன்றரை, சாப்பாட்டு நேரம் தான், சும்மா கூப்பிடு. இன்னைக்கு டயப்பர் எத்தனைன்னு வாட்ஸப்ல போடுடி, கூடவே அவ கண்ணைத் தொறந்த போட்டோ ஒண்ணு!