வகிட்டில் ஸ்டிக் வேண்டாம், காதில் ஸ்ப்ரே வேண்டாம்

முகத்துக்குச் சன்ஸ்கிரீன் கவனமாகப் பூசிக்கொண்டு வெளியே போன ஒரு நாள், காது மடலின் மேல்விளிம்பும் தலை வகிடும் சிவந்து எரிந்தன. அதற்கப்புறம் சன்ஸ்கிரீன் ஸ்டிக், ஸ்ப்ரே இரண்டையும் மாற்றி மாற்றிப் பூசிப் பார்த்துவிட்டேன். காதுக்கும் கைக்கும் ஸ்டிக், வகிட்டுக்கு ஸ்ப்ரே என்பதுதான் என் முடிவு. ஆனால் இரண்டையுமே நம்மில் பலர் போதாமல் பூசுகிறோம்.

சன்ஸ்கிரீன் எவ்வளவு பாதுகாக்கும் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அந்தக் கணக்கை நமக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புறங்கை ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர், அதற்கு 0.3 கிராம் வேண்டும். இரண்டு கைக்கு 0.6, கழுத்தைச் சுற்றி 0.7, காதுகளுக்கு 0.2. மொத்தம் 1.5 கிராம். அப்படியானால் 15 கிராம் ஸ்டிக் பத்தே தடவைக்குத்தான் வரும். தினமும் பூசியும் மாதக்கணக்கில் தீரவில்லையா? எண்ணில் சொன்ன பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஸ்டிக்கை ஒருமுறை இழுத்தால் மெல்லிய கோடுதான் விழும். ஒரே இடத்தில் போகவர நான்கு முறையாவது தேய்க்க வேண்டும். புறங்கையை விரித்து வைத்துத் தேய்த்தால் எலும்பு மேடுகளில் மட்டும் படிந்து இடைப்பள்ளங்கள் விட்டுப்போகும். முஷ்டி பிடித்துத் தேய்த்து, மறுகையின் விரலால் கட்டைவிரல் இடுக்குவரை பரப்பிவிடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பூசிய இடம் மினுங்கும், விட்ட இடம் மங்கலாக இருக்கும். காதில் விளிம்பு, சோணை, பின்மடிப்பு மூன்றுக்கும் ஸ்டிக் நன்றாகப் போகும். உள்மடிப்புகளுக்கு மட்டும் விரல் நுனி தேவை.

பின்கழுத்தில் ஸ்டிக் முடியை இழுக்கிறது. அங்கே ஸ்ப்ரே வசதிதான், ஆனால் அது புள்ளி புள்ளியாகத்தான் விழும். ஒரு கறுப்புத் தாளில் அடித்துப் பார்த்தால் நடுவில் ஈரமும் ஓரத்தில் தூறலுமாகத் தெரியும். காற்றடித்தால் பாதி பறந்தே போய்விடும். அதனால் கிட்டத்தில் பிடித்து, தோல் ஈரமாக மினுங்கும்வரை அடித்து, கையால் தேய்த்தே ஆக வேண்டும். காதுப் பக்கம் நேராக அடித்தால் கண்ணிலும் மூச்சிலும் போகும். ஆல்கஹால் உள்ள ஸ்ப்ரே காயும்வரை நெருப்புப் பக்கம் போகக்கூடாது.

வகிட்டில் ஸ்டிக் முடியோடு பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், தோலுக்கு இறங்காது. ஸ்ப்ரேயையும் தலைமேல் அடிக்காதீர்கள், முடிதான் நனையும். உள்ளங்கையில் கொஞ்சம் அடித்து, விரல் நுனியால் வகிட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒற்றி ஒற்றிப் போங்கள். காய்ந்ததும் இன்னொரு முறை. மறுபடி சீவி வகிடு இடம் மாறினால் புதுக் கோட்டில் ஒன்றும் இருக்காது, அங்கேயும் ஒற்ற வேண்டும்.

கைக்குக் கடைசியில்தான் பூசுகிறேன். முதலில் பூசினால், மற்ற இடங்களை முடித்துவிட்டுப் பிசுக்குப் போகக் கை கழுவும்போது அதுவும் போய்விடுகிறது. வெளியில் எப்போது கை கழுவினாலும், பையிலிருந்து ஸ்டிக்கை எடுத்து அந்த நான்கு இழுப்பை மறுபடி இழுத்துவிடுகிறேன்.